தராசில் இறங்கியது எது? சோனா, நீராவி, ஐஸ் பீப்பாய்: ஒரு வெப்பக் கணக்கு

ஆவணியில் கல்யாணம் என்று முடிவானதும் என் அக்காவின் மகன் முதலில் செய்த வேலை, உப்புவெளிக் கடற்கரையிலுள்ள ஒரு ஹோட்டலில் பத்துத் தடவைக்கான சோனா டிக்கெட் வாங்கியதுதான். அவனுக்கு வயது 31. கந்தோரில் நாள் முழுவதும் கதிரையில் இருக்கும் வேலை. கோட்டு தைக்க அளவு கொடுத்தபோது தையற்காரர் இடுப்பை இரண்டு தடவை அளந்தாராம். அந்த இரண்டாவது தடவைதான் அவனை உறுத்திவிட்டது.

முதல் நாளே வீட்டிலிருந்த டிஜிட்டல் தராசைப் பையில் போட்டுக்கொண்டு போனான். உள்ளே போகுமுன் 84.6 கிலோ. 85 பாகை செல்சியஸ் சூட்டில் பன்னிரண்டு பன்னிரண்டு நிமிடமாக மூன்று சுற்று இருந்து, துவாயால் நன்றாகத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஏறி நின்றபோது 83.8. தராசின் படம் எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. கீழே, "மாமா, 36 நிமிடத்தில் 800 கிராம்!"

நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிப்பவன். வெப்பம் என்ற அலகை எத்தனையோ வருடமாக நடத்திவருகிறேன். ஆகவே வாழ்த்துச் சொல்வதற்குப் பதிலாக, "நாளைக் காலையில் எழும்பிக் கழிவறைக்குப் போய்வந்து, ஒன்றும் குடிக்காமல் நிறைபார்" என்று மட்டும் பதில் அனுப்பினேன். மறுநாள் காலை 84.5. தராசு பிழை என்றான். தராசு சரி. இரண்டு தடவையும் அது உண்மையைத்தான் சொன்னது.

போனது கொழுப்புத்தான் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உடற்கொழுப்பு ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய 7,700 கிலோ கலோரி சக்தி வெளிவரும். (கடைப்பேச்சில் நாம் கலோரி என்பது இந்தக் கிலோ கலோரியைத்தான். நானும் இனி அப்படியே எழுதுகிறேன்.) 800 கிராமுக்கு 6,160 கலோரி. அவனைப் போன்ற ஒருவர் இரண்டரை நாளில் செலவழிக்கும் சக்தி அது. அவ்வளவும் 36 நிமிடத்தில் அவன் உடலுக்குள்ளே வெப்பமாக வெளிவந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மனித உடல் ஒரு கிலோவை ஒரு பாகை சூடாக்க 0.83 கலோரி வேண்டும். 84.6 கிலோவுக்கு ஒரு பாகைக்குச் சுமார் 70 கலோரி. 6,160-ஐ 70-ஆல் வகுத்தால் 88 பாகை. வியர்வை அதில் ஒரு பங்கை வெளியே கொண்டுபோனாலும் மிஞ்சுவது உயிருக்குப் போதும். கல்யாண மாப்பிள்ளை அந்தப் பலகை இருக்கையிலேயே வெந்து போயிருப்பான். நல்லவேளை, போனது தண்ணீர்.

அப்படியானால் சோனாவில் உடல் சக்தி எதையும் செலவழிப்பதில்லையா என்றால், செலவழிக்கிறது. இதயம் நிமிடத்துக்கு 120 தடவை, சிலருக்கு அதற்கும் மேலாக அடிக்கிறது. தோலுக்கு இரத்தம் பாய்கிறது. உடல்வெப்பம் ஒரு பாகை கூடினால் உடலின் அடிப்படைச் செலவும் பத்து வீதத்துக்குச் சற்று மேலே கூடுகிறது. ஆனால் இதயத்துடிப்பைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஓடும்போது இதயம் அடித்துக்கொள்வது, பசித்த தசைகளுக்கு ஒட்சிசன் கொண்டுபோக. சோனாவில் தசைகள் சும்மா கிடக்கின்றன. இதயம் ஓடித்திரிவது தோலைக் குளிர்விக்க மட்டும். சில கைக்கடிகாரங்கள் துடிப்பை மாத்திரம் பார்த்துக் கலோரி கணக்குப் போடுவதால், சோனாவில் இருந்தவனை ஓடி வந்தவனாக எழுதிவிடுகின்றன.

மருமகன் சும்மா இருந்தாலே மணித்தியாலத்துக்கு 75 கலோரி போகும். 36 நிமிடத்துக்கு 45. சோனாவில் அது ஒன்றரை மடங்காகிறது என்று தாராளமாகவே வைத்தாலும், கூடுதலாகச் செலவானது 22 கலோரி. கொழுப்பாகச் சொன்னால் மூன்று கிராம். ஒரு தேக்கரண்டித் தேங்காயெண்ணெய் நாலரை கிராம் வரும். அது நிறையவில்லை.

இனி, சோனா விளம்பரங்களில் ஒரு தடவைக்கு 400, 500 கலோரி என்று வருகிறதே, அது எங்கிருந்து வருகிறது? எல்லாம் வெறும் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். பலவற்றின் அடியில் ஒரு சரியான எண் இருக்கிறது, அதை வைத்த இடம்தான் பிழை. ஒரு லீற்றர் வியர்வை தோலிலிருந்து ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். மறைவெப்பம் என்று பாடப்புத்தகத்தில் படித்தது இதுதான். 800 மில்லிலீற்றர் முழுவதும் ஆவியானால் 464 கலோரி. எனவே உடலிலிருந்து 464 கலோரி போய்விட்டது என்று எழுதுகிறார்கள். போனது உண்மைதான். ஆனால் வந்தது எங்கிருந்து? மூலையில் கல் அடுக்கிய மின்னடுப்பிலிருந்து. 85 பாகை அறை 36 பாகைத் தோலுக்கு வெப்பத்தைத் திணிக்கிறது, வியர்வை அதை வெளியே தள்ளுகிறது. வெளியிலிருந்து வந்த வெப்பம் வெளியே போனது. இடையில் கொழுப்புக்கு அங்கே வேலையே இல்லை. அந்தக் கலோரிக்குக் காசு கட்டியவர் ஹோட்டல்காரர், மின்சாரப் பட்டியலில்.

இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தெளிவாகும்: வெப்பம் எங்கிருந்து எங்கே போகிறது? சூடு வெளியிலிருந்து வந்தால் உடல் அதைக் கழிக்க வேண்டும், அது மலிவான வேலை. குளிரில்தான் உடல் தன் சொந்த எரிபொருளை எரித்துச் சூடு உண்டாக்க வேண்டும். குளிருக்குப் பிறகு வருகிறேன்.

"கொழுப்பு உருகி வியர்வையாக வடிகிறது" என்ற நம்பிக்கைக்கு எங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. நுவரெலியாவில் உள்ள உறவினர் வீட்டில் மார்கழி மாதம் தேங்காயெண்ணெய்ப் போத்தல் வெள்ளையாக உறைந்து நிற்கும். திருகோணமலையில் என் ஆயுளில் அதை உறைந்து பார்த்ததில்லை, ஏனென்றால் அது 24 பாகையிலேயே உருகிவிடும். எங்கள் வீட்டுப் போத்தல் ஆண்டு முழுவதும் உருகியேதான் இருக்கிறது. அதனால் எண்ணெய் குறைகிறதா? மனிதக் கொழுப்பும் அப்படித்தான். 37 பாகையில், உயிரணுவுக்குள், அது ஏற்கெனவே எண்ணெய்த் துளியாகத்தான் இருக்கிறது. உருக்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை. எரிக்கத்தான் வேண்டும். எரிந்த பிறகும் அது வியர்வைத் துவாரத்தைத் தேடி ஓடுவதில்லை. 2014-இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் இந்தக் கணக்கைப் போட்டு வெளியிட்டார்கள். பத்துக் கிலோ கொழுப்பு முழுமையாக எரிந்தால் 8.4 கிலோ காபனீரொட்சைட்டாக மூச்சில் போகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. கொழுப்பின் பெரும்பங்கு போகும் வழி மூக்கு. வியர்வையை நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். எண்ணெய்ப்பசை இருந்தால் அது தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளின் வேலை, வயிற்றுக் கொழுப்பு அல்ல.

நீராவி அறை சோனாவிலிருந்து வேறுபட்டது. அங்கே வெப்பம் 40 முதல் 45 பாகைதான், ஆனால் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கிறது. இங்குள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கச்சான் காற்று அடிக்கும் நாளில் 36 பாகை வெயிலில் சட்டை உடனே காய்ந்துவிடும். மாரிக்கு முந்திய புழுக்கத்தில் 31 பாகையே தாங்க முடியாது, வியர்வை ஓடுமே தவிரக் காயாது. நீராவி அறை அந்தப் புழுக்கத்தின் உச்சம். வியர்வை ஆவியாக இடமில்லை. மாறாக, அறையின் ஆவி ஒப்பீட்டளவில் குளிர்ந்த தோலில் பட்டுத் தண்ணீராகப் படிகிறது, படியும்போது தன் மறைவெப்பத்தையும் தோலிலேயே விட்டுப் போகிறது. ஆகவே உடம்பில் ஓடும் தண்ணீர் முழுவதும் உங்களுடையதல்ல. அறையின் தண்ணீரும் அதில் கலந்திருக்கிறது. "எவ்வளவு வேர்த்தது பாருங்கள்" என்று யாராவது நீராவி அறையிலிருந்து வந்து சொன்னால், பாதி வியர்வை கேத்திலிலிருந்து வந்தது என்று சொல்லலாம். பகிடி ஒருபக்கம் இருக்க, உடலுக்குக் குளிரும் வழி அடைபட்டுவிடுவதால் உள்வெப்பம் அங்கே விரைவாக ஏறும். 85 பாகைச் சோனாவில் பன்னிரண்டு நிமிடம் தாங்கியவர், 45 பாகைதானே என்று நீராவி அறையில் அரைமணி நேரம் குந்தியிருக்கக் கூடாது.

ஊரில் சோனா என்று பேச்செடுத்தாலே, "அதற்கேன் காசு, கன்னியாவுக்குப் போகலாமே" என்று யாராவது சொல்வார்கள். இராவணன் தாயின் கிரியைக்காக வாளால் குத்தி எடுத்தான் என்று சொல்லப்படும் அந்த ஏழு வெந்நீர்க் கிணறுகளில், ஒன்றுக்கொன்று சூடு சற்று வித்தியாசம். எல்லாம் நாற்பது பாகைக்கு அக்கம்பக்கந்தான். அங்கே யாரும் அமிழ்ந்து கிடப்பதில்லை. கிணற்றுக்கட்டில் நின்று வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுவோம். ஊற்றிய மறுகணம் காற்றுப் பட்டு உடல் குளிர்கிறது. உள்வெப்பம் ஏறுவதற்கு நேரமே கிடையாது. கன்னியாக் குளியலில் கலோரி செலவாகிறது என்றால் அது குனிந்து வாளி தூக்குவதில்தான். பிள்ளைபெற்ற பெண்ணுக்கு இலை அவித்த வேது, தடிமனுக்கு நொச்சியிலை போட்டு ஆவி பிடித்தல் என்று எங்கள் வீடுகளில் சூட்டு வைத்தியம் எப்போதும் உண்டு. உடம்பு நோ ஆறவும் மூக்கடைப்புத் திறக்கவும்தான் அவை. என் பாட்டி எதற்கெல்லாமோ ஆவி பிடிக்கச் சொல்வாள். நிறை குறைய என்று ஒருநாளும் சொன்னதில்லை.

தண்ணீர்தானே, போய்விட்டு வரட்டும், அதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். ஒரு தடவை 800 கிராம் போய்த் தேநீரும் சோறுமாகத் திரும்பி வருவதில் சுகதேகிக்கு ஒன்றுமில்லை. இரத்தம் சற்றுச் செறிவானவுடன் மூளை சிறுநீரகத்துக்குத் தகவல் அனுப்பிச் சிறுநீரைச் சுருக்கிவிடும், தாகமும் வந்துவிடும். மறுநாள் காலை 84.5 வந்தது அப்படித்தான். கெடுதல் தொடங்குவது, திரும்பி வரவேண்டிய தண்ணீரை வரவிடாமல் தடுக்கும்போது. தராசில் இறங்கிய எண்ணைக் காப்பாற்றுவதற்காகச் சிலர் குடிக்காமலே இருந்துவிடுவார்கள். 1997-ஆம் ஆண்டின் கடைசியில், அமெரிக்காவில் பல்கலைக்கழக மல்யுத்த வீரர்கள் மூவர் சில கிழமைகளுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். போட்டிக்கான நிறைப்பிரிவுக்குள் வருவதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, ஆவி வெளியேறாத உடுப்பை மாட்டிக்கொண்டு, சூடான அறையில் பயிற்சி செய்தவர்கள். அதன்பிறகே அங்கே நிறை குறைக்கச் சோனாவும் இறப்பர் உடுப்பும் பாவிப்பது தடைசெய்யப்பட்டது. இருபது வயதுப் போட்டியாளர்களின் உடம்புகள் அவை, நோயாளிகளின் உடம்புகள் அல்ல. நம் ஊரில் அதே வேலையைச் செய்யும் பொலித்தீன் வியர்வைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மத்தியானம் ஒரு மணிக்குக் கடற்கரையில் ஓடும் பையன்களைக் காணும்போது எனக்கு அந்த மூவரின் ஞாபகம் வரும்.

இப்போது குளிர். மருமகனுக்குச் சோனாக் கணக்கைக் காட்டியதும் அவன் மறுபக்கம் தாவினான். அவன் போகும் உடற்பயிற்சிக் கூடத்துப் பையன்கள் நீல பிளாஸ்ரிக் பீப்பாய் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, மீன்வாடியிலிருந்து ஐஸ் வாங்கிப் போட்டு, கழுத்துவரை இறங்கி நிற்கிறார்களாம். "அதிலாவது உண்மையாகக் கொழுப்பு எரியுமா மாமா?"

எரியும். வெப்பத்தின் திசை அங்கே சரியாக இருக்கிறது. உடலிலிருந்து தண்ணீருக்கு வெப்பம் போகிறது, அதை ஈடுசெய்ய உடல் எரிபொருளை எரித்தே தீரவேண்டும். நடுக்கம் என்பது சூடு உண்டாக்குவதற்காகத் தசைகள் தாமாகவே வேலைசெய்வதுதான். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில் இளைஞர்களை ஒரு மணித்தியாலம் தண்ணீரில் கழுத்துவரை இருக்கவைத்து அளந்தார்கள். 32 பாகைத் தண்ணீரில் உடலின் செலவு மாறவில்லை. 20 பாகையில் 93 வீதம் கூடியது. 14 பாகையில் 350 வீதம் கூடியது. அதாவது ஓய்வில் 70 கலோரி செலவாகும் ஒருவருக்கு, 14 பாகையில் ஒரு மணித்தியாலத்துக்கு 245 கலோரி கூடுதலாகப் போகிறது. வேகமாக நடப்பதற்குச் சமம். இது தண்ணீர் நிறையல்ல, உண்மையான எரிதல்.

ஆனால் அந்த ஆய்வின் மூன்று எண்களில் திருகோணமலைக்கு எது பொருந்தும்? டச்சுக்குடாவில் கடல் 28, 29 பாகையில் கிடக்கிறது. கிணற்றுத் தண்ணீரும் ஏறக்குறைய அதேதான். 32-க்குப் பக்கத்தில் நிற்கிறோமே தவிர 20-க்குப் பக்கத்தில் அல்ல. காலையில் கடலில் குளித்தால் கொழுப்பு கரையுமா என்று கேட்பவர்களுக்கு, நீந்தினால் கரையும், நின்றால் உப்புத்தான் ஏறும் என்பேன்.

சரி, ஐஸ் பீப்பாய். 200 லீற்றர்ப் பீப்பாயில் ஓர் ஆள் இறங்க இடம் விட்டால் 130 லீற்றர் தண்ணீர் கொள்ளும். அதை 28 பாகையிலிருந்து 14-க்கு இறக்க 1,820 கலோரி வெப்பத்தை எடுக்கவேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கலோரியையும், உருகிய தண்ணீர் 14 பாகைக்கு ஏறும்போது இன்னும் 14 கலோரியையும் இழுக்கும். ஆக 94. வகுத்தால் ஏறக்குறைய 20 கிலோ ஐஸ். அதுவும் பீப்பாயும் வெயிலும் தங்கள் பங்குக்குச் சூடு சேர்க்காவிட்டால். பையன்கள் போடுவது எவ்வளவு என்று மருமகனைக் கேட்டேன். ஒரு சாக்கில் ஏழெட்டுக் கிலோ. அதற்கு 22 பாகைக்குச் சற்று மேலேதான் வரும். ஐஸ் கட்டி மிதப்பதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கடுங்குளிர் என்று நினைக்கிறார்கள். மேற்பரப்பில் கைவைத்தால் அப்படித்தான் தோன்றும். நன்றாகக் கலக்கிவிட்டு, சமையலறை வெப்பமானியைக் கழுத்தளவு ஆழத்திலும் அடியிலும் விட்டுப் பார்த்தால் உண்மை தெரியும்.

உண்மையாகவே 20 கிலோ போட்டு 14 பாகைக்குக் கொண்டுவந்தார்கள் என்றே வைப்போம். எவ்வளவு நேரம் நிற்பார்கள்? நாலு நிமிடம். நிமிடத்துக்கு நாலு கலோரி வீதம் 16 கலோரி. ஒரு தேநீருக்குப் போடும் ஒரு கரண்டிச் சீனி. நாலு நிமிடம் நின்றவர் வெளியே வந்த பிறகும் உடல் தன்னைச் சூடாக்கிக்கொண்டுதானே இருக்கும், அந்தச் செலவு எங்கே என்று விபரமறிந்தவர் கேட்பார். நியாயமான கேள்வி. 80 கிலோ உடல் சராசரி அரைப் பாகை குளிர்ந்திருந்தால், மறுபடி சூடாக 33 கலோரி வேண்டும். டென்மார்க்கில் பனிக்காலத்தில் கடலில் இறங்கி ஏறியவர் அதைத் தன் கொழுப்பிலிருந்துதான் பெரும்பாலும் எடுப்பார். இங்கே பீப்பாயை விட்டு ஏறியவர் நிற்பது 33 பாகைப் பின்னேரத்தில். வெயிலும் சூடான சீமெந்துத் தரையும் அந்தக் கடனில் பெரும்பங்கை இலவசமாகவே அடைத்துவிடும். குளிர்ந்தும் பயனில்லாத ஊர் இது!

இன்னொன்று பசி. அமெரிக்காவின் புளோரிடாவில் 2005-இல் செய்த ஆய்வொன்றில், ஒரே அளவு சைக்கிள் பயிற்சியை 20 பாகைத் தண்ணீரிலும் 33 பாகைத் தண்ணீரிலும் செய்யவைத்தார்கள். செலவான சக்தி ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பிறகு சாப்பிட விட்டபோது குளிர்த் தண்ணீரிலிருந்து வந்தவர்கள் 44 வீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். 608 கலோரிக்குப் பதிலாக 877. அந்த வித்தியாசம் ஏறக்குறைய 270 கலோரி, பீப்பாயில் நின்று எரித்ததைப்போல் பல மடங்கு. சிறுவயதில் கடலில் குளித்துவிட்டு வந்தால் ஒரு சட்டிச் சோறு போதாமல் போகுமே, அது இதுதான்.

குளிர்க் குளியலை ஆதரிப்போர் கடைசியில் கொண்டுவருவது பழுப்புக் கொழுப்பு. அதைத் தள்ளிவிட முடியாது. கழுத்தடி, காறை எலும்புக்கு மேல், முதுகெலும்பின் ஓரம் என்று சில இடங்களில் இருக்கும் இந்தக் கொழுப்பு, சேமித்து வைப்பதற்குப் பதிலாக எரித்துச் சூடு உண்டாக்கும். குழந்தைகளுக்கு மட்டுந்தான் உண்டு என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பெரியவர்களிடமும் அது இயங்குகிறது என்று 2009-இல் ஒரே மருத்துவ இதழில் மூன்று ஆய்வுகள் காட்டின. அது குறைவாக இருந்தவர்களை ஜப்பானில் ஆறு கிழமை, நாளுக்கு இரண்டு மணித்தியாலம் 17 பாகை அறையில் இருத்தியபோது அது சுறுசுறுப்படைந்ததுடன் உடற்கொழுப்பும் சிறிதளவு குறைந்தது. குளிரால் கொழுப்பு குறையும் என்பதற்கு நான் மதிக்கும் சான்று இதுதான். கவனியுங்கள், நாளுக்கு இரண்டு மணித்தியாலம், ஆறு கிழமை. இரண்டு நிமிடம் பீப்பாயில் பல்லைக் கடித்து நின்று படமெடுப்பது அதற்குள் அடங்காது. குளிரூட்டியை 17-இல் வைத்து மெல்லிய சட்டையோடு இருந்தால் அந்த ஆய்வுக்குக் கிட்டவரும். மின்கட்டணம் வந்தபின் பசியும் குறையலாம்.

பாரம் தூக்கி முடித்த கையோடு பீப்பாயில் இறங்குவதிலும் ஒரு நட்டம் உண்டு. பன்னிரண்டு கிழமை பயிற்சி செய்தவர்களில், ஒவ்வொரு தடவையும் பயிற்சி முடிந்தவுடன் பத்துப் பாகைத் தண்ணீரில் பத்து நிமிடம் இருந்தவர்களுக்குத் தசை வளர்ச்சி குறைந்ததாக 2015-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நிறை குறைக்கும் காலத்தில் தசையைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. இறங்கத்தான் வேண்டுமென்றால் பாரம் தூக்காத நாளில் இறங்கலாம். தனியே இறங்கக்கூடாது. குளிர்நீரில் இறங்கிய முதல் நிமிடத்தில் மூச்சு தன்னிச்சையாக இழுபடும், இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். வாய் தண்ணீருக்குள் இருக்கும் நேரத்தில் அது நடந்தால் நீச்சல் தெரிந்தவரும் தப்புவது கடினம்.

சோனாவைப் பற்றி நான் இதுவரை சொன்னதைக் கேட்டால் அதற்கு எதிரி என்று தோன்றும். அப்படியில்லை. பின்லாந்தின் கிழக்கில் 2,315 நடுவயது ஆண்களை இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், கிழமைக்கு நாலு தொடக்கம் ஏழு தடவை சோனாவுக்குப் போனவர்கள், ஒரு தடவை போனவர்களைவிட இதய நோயால் இறப்பது குறைவாக இருந்தது. அது தொடர்பைக் காட்டுவது, காரணத்தை நிரூபிப்பது அல்ல. ஆனாலும் தோலுக்கு இரத்தம் பாய்வது, அழுத்தம் சற்று இறங்குவது, தசைப்பிடிப்பு இளகுவது எல்லாம் உண்மை. நிறைக்கும் அதற்கும்தான் தொடர்பில்லை. ஐம்பத்தைந்து இலட்சம் மக்களுக்கு முப்பது இலட்சம் அளவில் சோனா வைத்திருக்கும் அந்த நாட்டில், வளர்ந்தோரில் நாலில் ஒருவருக்கு மேல் உடற்பருமன் உள்ளவர்கள்.

தண்ணீரையும் கொழுப்பையும் வீட்டில் பிரித்தறிவது எப்படி என்று மருமகனுக்கு எழுதிக் கொடுத்தேன். காலையில், கழிவறைக்குப் போய்வந்து, ஒன்றும் வாயில் வைக்குமுன் நிறை பார்ப்பது. ஏழு நாளைக் கூட்டி ஏழால் வகுத்து, கிழமைச் சராசரியைக் கிழமைச் சராசரியோடு மட்டும் ஒப்பிடுவது. ஒரே நாளில் ஒரு கிலோ இறங்கினாலும் ஏறினாலும் அது தண்ணீர், உப்பு, அல்லது குடலில் இருப்பது. கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட மறுநாள் தராசு ஏறி நிற்பதைப் பார்த்தால் புரியும். கொழுப்பு அவ்வளவு வேகமாக நடப்பதில்லை. நாளுக்கு 500 கலோரி குறைத்தாலும் கிழமைக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் கீழேதான் இறங்கும். இரண்டு கிழமைக்கு ஒருதடவை தொப்புள் மட்டத்தில் நாடாவால் அளப்பது. வியர்த்தால் இடுப்பு குறையாது, அதனால் நாடாவை ஏமாற்றுவது கடினம்.

கொழுப்பு வீதம் காட்டும் தராசுகளைச் சோனாவுக்குப் பிறகு நம்பவே கூடாது. அவை உள்ளங்காலூடாகச் சிறு மின்னோட்டம் அனுப்பித் தடையை அளந்து கணக்குப் போடுபவை. தோல் சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் தடை குறைந்து கொழுப்பு குறைந்ததுபோல் காட்டும். உடலில் தண்ணீர் வற்றியிருந்தால் தடை கூடி, கொழுப்புக் கூடியதுபோலக் காட்டும். எது முந்துகிறதோ அதன்படி எண் ஆடும்.

சோனாவுக்குப் போனால் இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்று முதல் ஒன்றரை லீற்றர் வரை அன்று இரவுக்குள் திருப்பிக் குடித்துவிட வேண்டும். முன்னும் பின்னும் நிறை பார்ப்பதற்கு நான் ஏற்கும் ஒரே காரணம் அதுதான். எழும்பும்போது கண் இருட்டினால், தலை இடித்தால், குமட்டினால், வியர்வை நின்று உடல் மட்டும் சுட்டால் அந்தக் கணமே வெளியே வரவேண்டும். பிரஷர் குளிசை, சிறுநீர் போக்கும் குளிசை எடுப்பவர்கள், இதய நோயுள்ளவர்கள், கர்ப்பிணிகள் டொக்டரைக் கேட்காமல் போகக்கூடாது. குடித்திருப்பவர் போகவே கூடாது. சிறுநீரகத்தில் குறை உள்ளவர்களுக்கு இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். அனுராதபுரத்திலும் அதை ஒட்டிய எங்கள் மாவட்டத்து எல்லைக் கிராமங்களிலும் காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவியிருக்கிறது. வெயில் வேலையில் திரும்பத் திரும்ப உடல் வற்றுவதும் அதற்குச் சந்தேகிக்கப்படும் காரணங்களில் ஒன்று. அந்தப் பக்கத்து ஆட்கள் காசு கொடுத்து உடலை வற்றவைக்கத் தேவையில்லை.

மருமகன் மீதி ஒன்பது டிக்கெட்டையும் வீணாக்கவில்லை. ஞாயிறு பின்னேரங்களில் நண்பர்களோடு போய்விட்டு வந்தான், தராசை வீட்டில் வைத்துவிட்டு. இராச்சோற்றைப் பாதியாக்கி, கந்தோரிலிருந்து உள்துறைமுக வீதியால் நடந்து வீடுவரத் தொடங்கினான். முதற் கிழமைச் சராசரி 84.5. அடுத்து 84.2. மூன்றாவது கிழமை 84.3 என்று வந்தபோது சோர்ந்துபோனான். அந்தக் கிழமை இரண்டு கல்யாணச் சாப்பாடு இருந்ததை அக்காதான் ஞாபகப்படுத்தினாள். பத்தாவது கிழமை 81.4. வரவேற்பு உபசாரத்துக்கு இரண்டு நாள் முன்பு தையற்காரர் கோட்டை இடுப்பில் ஒரு விரற்கடை உள்ளே பிடித்து மறுபடி தைத்துக் கொடுத்தார், மேலதிகமாக முந்நூறு ரூபா வாங்கிக்கொண்டு.